சம்பளப் பட்டியல் வெளியே போனது குறித்து அனைத்துப் பணியாளர்களுக்கும்

ஜூன் 11, 2025

வணக்கம்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, நம் மே மாதச் சம்பளப் பட்டியல் வெளியாள் ஒருவரின் கைக்குப் போய்விட்டது. இது வேறு யார் மூலமாகவும் உங்கள் காதுக்கு வருமுன் நாங்களே சொல்லிவிட நினைக்கிறோம்.

காலை 11.20 மணிக்கு, எம்.டி. பெயரில் சம்பளப் பிரிவுக்கு ஒரு மெயில் வந்தது. ஆடிட்டருக்கு அவசரமாக வேண்டும், மொத்தப் பட்டியலையும் எக்செலில் அனுப்புங்கள் என்று இருந்தது. முகவரியில் m இருக்க வேண்டிய இடத்தில் r, n இரண்டும் ஒட்டி நின்றன. செல்போன் திரையில் அந்த வித்தியாசம் தெரியாது. பட்டியல் போய்விட்டது. மாலை 4.45-க்கு, "அனுப்பினது போதுமா சார்?" என்று நேரில் கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அனுப்பியவரே உடனே ஒப்புக்கொண்டு சொன்னார்; அவர் யாரென்று தேடவோ குத்திப் பேசவோ வேண்டாம். பட்டியலை மெயிலில் அனுப்ப இரண்டாவது ஆளின் ஒப்புதல் தேவை என்ற விதி நம்மிடம் இல்லாததுதான் முதல் தவறு. இன்றுமுதல் அந்த விதி உண்டு.

பட்டியலில் இருந்தவை: பெயர், செல்போன் எண், பான் எண், பி.எஃப். யு.ஏ.என்., வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., சம்பளம், பிடித்தங்கள். மொத்தம் 412 பேர். ஏப்ரலுக்குப் பிறகு வேலையை விட்டவர்களும் இதில் உண்டு. அவர்களிடம் தனியாகப் பேசி வருகிறோம். ஆதார் எண், பாஸ்வேர்டு, ஏ.டி.எம். விவரம் எதுவும் அதில் இல்லை. நேற்றிரவே மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்துவிட்டோம்; சைபர் கிரைமிலும் புகார் பதிவாகியுள்ளது.

கணக்கு எண்ணை மட்டும் வைத்துப் பணத்தை எடுப்பது எளிதல்ல. அதனால் உங்கள் வாயிலிருந்தே ஓ.டி.பி.யை வாங்கப் பார்ப்பார்கள். "உங்க மே மாசச் சம்பளம் 23,460 ரூபாய்தானே? பி.எஃப். பிடித்தம் இவ்வளவுதானே?" என்று பைசா சுத்தமாகச் சொல்வார்கள். சரியாகச் சொல்கிறாரே, நம்ம ஆபீஸ் ஆள்தான் என்று நம்பிவிடாதீர்கள். அந்த விவரம் இப்போது திருடனிடமும் இருக்கிறது. ஃபார்ம் 16 வரும் நேரம் இது; வருமான வரி ரீஃபண்ட் என்று லிங்க் வந்தால் தொடவே வேண்டாம்.

இந்த வாரமே யு.ஏ.என்., வருமான வரித் தளம் இரண்டிலும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வங்கி எஸ்.எம்.எஸ். உங்கள் செல்போனுக்குத்தான் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் பான் எண்ணில் வேறு யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று சிபில் அறிக்கையில் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். அடுத்த மாதமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கடன் விவரம் ஏறச் சில வாரம் ஆகும்.

பணம் போய்விட்டால், அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், அப்புறம் வங்கிக்கு. cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

சம்பளக் கணக்கை மாற்ற வேண்டும் என்று மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டால் ஜூலை 31 வரை ஏற்க மாட்டோம். நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் சம்பளம் வழக்கம்போல ஏறும்.

சந்தேகம் எதுவானாலும் முதல் மாடி மனிதவளப் பிரிவுக்கு வாருங்கள். இந்த வாரம் முழுக்க இரவு 8 வரை, இரவு ஷிஃப்ட்காரர்களுக்காக, ஆள் இருப்பார்கள். செல்போனில் பாஸ்வேர்டு மாற்றத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாற்ற உதவுவோம். பாஸ்வேர்டை நீங்களேதான் அடிக்க வேண்டும், எங்களிடமும் சொல்லக் கூடாது.

நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

மனிதவளப் பிரிவு