குறுவை நெல்லுக்கு உரம்: ஏக்கருக்கும் மாவுக்கும் எவ்வளவு, எப்போது

காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை "எக்டேருக்கு தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ" என்கிறது. இதைப் படித்துவிட்டு ஏக்கருக்கு 50 கிலோ டிஏபி, 150 கிலோ யூரியா என்று போட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். அது தவறு. அந்த எண்கள் மூட்டையின் எடை அல்ல, உள்ளே இருக்கும் சத்தின் எடை. அளவும் எக்டேருக்கு, ஏக்கருக்கு அல்ல. 1 எக்டேர் என்பதை 2½ ஏக்கர் என்று வைத்தால் ஏக்கருக்கு 60:20:20 கிலோ சத்து வரும். கீழே உள்ளதெல்லாம் அந்தச் சத்தை உர எடையாக மாற்றிய கணக்கு. 1 ஏக்கர் 3 மா என்று வைத்திருக்கிறோம்.

மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் அதில் உள்ள அளவையே போடுங்கள். இந்தத் தாள் அட்டை இல்லாதவர்களுக்கு.

கடையில் வாங்க வேண்டியது ஏக்கருக்கு: டிஏபி 43.5 கிலோ, யூரியா 113.4 கிலோ, பொட்டாஷ் 33.3 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோதான், 50 அல்ல. இரண்டரை மூட்டை எடுத்தால் 112.5 கிலோ, ஏறக்குறைய சரியாக வரும். டிஏபி ஒரு மூட்டையில் 6.5 கிலோ மிஞ்சும். மிஞ்சுகிறதே என்று அதையும் வயலில் கொட்ட வேண்டாம்.

நடவுக்கு முன்: ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டு உழுதுவிடுங்கள். கடைசி உழவில் அடியுரம்:
டிஏபி 43.5 கிலோ (மாவுக்கு 14.5)
யூரியா 15.6 கிலோ (மாவுக்கு 5.2)
பொட்டாஷ் 8.3 கிலோ (மாவுக்கு 2.8)

மணிச்சத்து இத்தோடு முடிந்தது. பிறகு டிஏபி தேவையில்லை. டிஏபி கிடைக்காவிட்டால் சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ (மாவுக்கு 41.7) போடலாம். ஆனால் அதில் தழைச்சத்து கிடையாது. அதனால் அடியுர யூரியாவை 15.6 கிலோவிலிருந்து 32.6 கிலோவாக உயர்த்த வேண்டும். இதை மறந்தால் பயிர் தொடக்கத்திலேயே வெளுக்கும்.

வயலைச் சமன்படுத்திய பின், நாற்று நடுவதற்குச் சற்று முன், துத்தநாக சல்பேட் 10 கிலோவை 20 கிலோ காய்ந்த மணலோடு கலந்து (மாவுக்கு 3.3 கிலோவும் 6.7 கிலோ மணலும்) மேலாகத் தூவுங்கள். அதன் பிறகு உழக் கூடாது. டிஏபி, சூப்பர் பாஸ்பேட் எதனோடும் அதைக் கலக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் துத்தநாகம் கரையாத உப்பாகிவிடும், வேருக்குக் கிடைக்காது.

மேலுரம் மூன்று முறை. மூன்று முறையும் ஒரே அளவுதான்: யூரியா 32.6 கிலோ, பொட்டாஷ் 8.3 கிலோ. மாவுக்கு யூரியா 10.9, பொட்டாஷ் 2.8. நாள் கணக்கு 105 முதல் 110 நாள் ரகங்களுக்கு:

நட்ட 15ஆம் நாள், தூர் கட்டும்போது.
நட்ட 30ஆம் நாள், பஞ்சு கட்டும்போது.
நட்ட 45ஆம் நாள், கதிர் வெளிவரத் தொடங்கும்போது.

ஜூன் 25ஆம் தேதி நட்டிருந்தால் இவை ஜூலை 10, ஜூலை 25, ஆகஸ்ட் 9. இரண்டாம் மேலுரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நாற்றின் வயது கூடியிருந்தால் பருவம் முன்னதாகவே வந்துவிடும். பரிந்துரையில் இருப்பதும் பருவம்தான், நாள் நம் வசதிக்காக. ஆகவே 25ஆம் நாளிலிருந்து ஒரு தூரைப் பிடுங்கி, முதல் தண்டை அடியிலிருந்து நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே பஞ்சு போல வெள்ளையாகச் சிறு நுனி தெரிந்தால் அன்றே போடலாம்.

உரம் போடும் நாளில் வயலில் தேங்கிய தண்ணீரை வடித்து, சேறு தெரியும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை கறுத்து நின்றால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். நெல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்று பக்கத்து வயலைப் பார்த்துக் கூடுதலாக யூரியா வீச வேண்டாம். பயிர் கரும்பச்சையாகத் தழைத்தால் புகையானும் இலைச் சுருட்டுப் புழுவும் தேடி வரும், கதிர் முற்றும்போது சாய்ந்தும் போகும்.

இலை வண்ண அட்டை வைத்திருப்பவர்களுக்கு யூரியாவுக்கு மட்டும் வேறு வழி உண்டு. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் உடல் நிழலில் 10 இலைகளை அட்டையோடு ஒப்பிடுங்கள். பாதிக்கு மேற்பட்ட இலைகள் 4ஆம் எண்ணை விட வெளிறியிருந்தால் ஏக்கருக்கு யூரியா 30.4 கிலோ (14 கிலோ தழைச்சத்து, மாவுக்கு 10.1 கிலோ யூரியா) போடுங்கள். இல்லாவிட்டால் அந்த வாரம் யூரியா வேண்டாம். அட்டைப்படி போடுகிறவர்கள் மேலே சொன்ன 15, 30, 45ஆம் நாள் யூரியாவை விட்டுவிட வேண்டும். அந்த நாள்களில் பொட்டாஷ் மட்டும் போதும்.