எங்களோடு வேலை செய்ய வாருங்கள்: 9 பேர் வேண்டும்

ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் மூணு பேஸ் கரண்ட் வரும் என்றால், அந்த நேரத்துக்கு டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்டவர்களின் வீட்டுப் பிள்ளைகள்தான் எங்களில் பாதிப் பேர். பாம்பு பயம் ஒரு பக்கம், போய்ப் பார்த்தால் கரண்ட் வரவே இல்லை என்ற எரிச்சல் ஒரு பக்கம். அந்த நடையைக் குறைக்கத்தான் போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற கண்ட்ரோலரைச் செய்கிறோம்.

கோவை கணபதியில் ஒரு ஷெட்டில் நாலு பேராக ஆரம்பித்தோம், இப்போது 63 பேர். அன்னூர், பல்லடம், பொள்ளாச்சி என்று இருந்த வாடிக்கையாளர்கள் ஈரோடு, திண்டுக்கல் வரை போய்விட்டார்கள், ஆனால் சர்வீஸுக்குப் போக ஆள் போதவில்லை. ஒரு ரிப்பேருக்கு மூன்று நாள் ஆகிறது. பயிர் காய்கிற சித்திரையில் மூன்று நாள் என்பது விவசாயிக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது காலியாக இருக்கும் வேலைகள்

ஆள் கிடைத்ததும் அந்த வேலையை இங்கிருந்து எடுத்துவிடுவோம். அதனால் கீழே இருந்தால் காலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், போன் செய்து கேட்க வேண்டாம்.

சர்வீஸ் டெக்னீசியன்: 4 பேர் (கோவை 2, ஈரோடு 1, திண்டுக்கல் 1)
மாதம் ₹19,000 முதல் ₹24,000 வரை, பெட்ரோல் தனி

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் அல்லது ஒயர்மேன் முடித்திருக்க வேண்டும். ஐ.டி.ஐ. இல்லை, ஆனால் ரீவைண்டிங் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்றால் தயங்காமல் போடுங்கள், எங்கள் சீனியர்களில் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான். ஒரு பேஸ் போய்விட்டால் மீதி இரண்டில் கரண்ட் ஏறி காயில் எரிந்துவிடும் என்பதும், போரில் தண்ணீர் இறங்கிய பிறகும் மோட்டார் ஓடினால் என்ன கெடும் என்பதும் உங்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். "லைட்டு எரியுதுங்க, மோட்டார் ஓடலீங்க" என்று ஒருவர் சொன்னால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? இந்த வேலையின் பாதி அதுதான். பைக்கும் லைசென்ஸும் கட்டாயம். மார்ச் முதல் ஜூன் வரை ஞாயிற்றுக்கிழமையும் சில நாள் கூப்பிடுவோம், அதற்கு மாற்று விடுமுறையோ இரட்டைச் சம்பளமோ, நீங்கள் கேட்பது. இரவில் யாரையும் கிணற்றுக்கு அனுப்புவதில்லை.

போர்டு அசெம்பிளி, டெஸ்டிங்: 3 பேர் (கணபதி)
மாதம் ₹16,500

பன்னிரண்டாவது போதும். சால்டரிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முதல் மூன்று வாரம் சொல்லித் தருகிறோம், அந்த மூன்று வாரத்துக்கும் முழுச் சம்பளம் உண்டு. காலை 9 முதல் மாலை 5.30, நைட் ஷிப்ட் கிடையாது. கையில் எவ்வளவு வரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும்: பி.எஃப். ₹1,800, இ.எஸ்.ஐ. ₹124 போக ₹14,576. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாகப் பிடிப்போம். காந்திபுரத்திலிருந்து சத்தி ரோடு பஸ்ஸில் வரலாம்.

எம்பெடட் இன்ஜினியர்: 1 (கணபதி)
மாதம் ₹45,000 முதல் ₹65,000 வரை

சி மொழியில் மைக்ரோகண்ட்ரோலருக்கு எழுதி, அது வாடிக்கையாளர் கையில் ஓடி, கெட்டு, நீங்களே போய்ச் சரிசெய்த அனுபவம் ஒன்றாவது வேண்டும். கல்லூரி ப்ராஜெக்டாக இருந்தாலும் சரி. எங்களுக்கு இருக்கிற பெரிய தலைவலி சிக்னல்: கிணற்றடியில் டவர் ஒரு புள்ளி காட்டும், மோட்டார் ஸ்டார்ட் ஆகிற நொடியில் வோல்டேஜ் இறங்கி மோடம் ரீசெட் ஆகிவிடும், விவசாயியின் போனில் மட்டும் "மோட்டார் நின்றுள்ளது" என்றே இருக்கும். மோட்டாரோ ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கேட்டதும் கையில் ஆஸிலோஸ்கோப்பை எடுக்கத் தோன்றினால் எங்களிடம் பேசுங்கள். வீட்டிலிருந்தே வேலை என்பது இதற்குச் சரிவராது, மாதத்தில் இரண்டு நாளாவது தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

வாடிக்கையாளர் உதவி: 1 (கணபதி)
மாதம் ₹18,000

போனில் பொறுமையாகப் பேச வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அதுதான் கஷ்டம். கொங்குத் தமிழ் வந்தால் நல்லது, தெலுங்கும் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆங்கிலம் கேட்க மாட்டோம்.

எல்லோருக்கும் பி.எஃப். உண்டு, மாதம் ₹21,000 வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ.யும் உண்டு. பொங்கலுக்கு நாலு நாள் லீவு. பெண்களுக்குச் சட்டப்படி 26 வாரப் பிரசவ விடுப்பு, திரும்பி வரும்போது அதே வேலை.

எப்படி ஆள் எடுக்கிறோம்

கீழே இருக்கும் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். நாலு வேலை நாளுக்குள் ஒருவர் உட்கார்ந்து படித்துவிடுவார். அதற்குள் போனும் வரும். பொருத்தமாக இருந்தால் பதினைந்து நிமிடம் பேசுவோம், சம்பளத்தை அப்போதே பேசி முடித்துவிடலாம், கடைசி வரை இழுக்க மாட்டோம்.

அடுத்தது அரை நாள் வேலைச் சோதனை. டெக்னீசியனுக்கு நாங்கள் வேண்டுமென்றே கோளாறு வைத்த ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி, ஒரு மல்டிமீட்டர், ஒரு மணி நேரம். மூன்று கோளாறு இருக்கும், இரண்டைக் கண்டுபிடித்தாலே நல்ல ஆள். மூன்றாவதை இதுவரை கண்டவர்கள் குறைவு, எது என்று இங்கே சொல்ல மாட்டோம். இன்ஜினியருக்கு எங்கள் பழைய போர்டு ஒன்றும் அதன் சர்க்யூட் படமும் தருவோம். அசெம்பிளிக்கு வருகிறவர்களுக்குச் சோதனை இல்லை, லைனைச் சுற்றிக் காட்டுவோம், பிடித்திருக்கிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் உதவிக்கு வருகிறவர்கள் பழைய அழைப்புகள் நாலைந்தைக் கேட்டுவிட்டு, தாங்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று பேசிக் காட்ட வேண்டும். சோதனைக்கு வந்தால் ₹700, பஸ் செலவு தனி, தேர்வானாலும் ஆகாவிட்டாலும்.

அதன் பிறகு மூன்று நாளில் முடிவு. இல்லை என்றாலும் போனில் சொல்வோம், ஏன் என்றும் சொல்வோம்.

ஒரு விஷயம். எங்களில் ஒருவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டு, வேலையை விட்ட பிறகு ஏழு மாதம் அலையவிட்டார்கள். இங்கே ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவோம். டெபாசிட், யூனிஃபார்ம் காசு, ஏஜென்ட் கமிஷன் என்று எங்கள் பெயரில் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அது நாங்கள் இல்லை.

விண்ணப்பப் படிவம்

பெயர்
கூப்பிடுகிற பெயர் போதும்.

மொபைல் எண்
உங்கள் வீட்டாரின் எண் என்றால் அதையும் குறிப்பிடுங்கள், போன் செய்யும்போது பார்த்துப் பேசுகிறோம்.

எந்த ஊர்?
வேலை கிடைத்தால் எங்கிருந்து வருவீர்கள் என்பதைத்தான் கேட்கிறோம்.

எந்த வேலை?
சர்வீஸ் டெக்னீசியன் / போர்டு அசெம்பிளி / எம்பெடட் இன்ஜினியர் / வாடிக்கையாளர் உதவி

என்ன படித்தீர்கள், இதுவரை என்ன வேலை பார்த்தீர்கள்?
நாலு வரி போதும். நடுவில் வேலை இல்லாமல் இருந்திருந்தால் காரணம் எழுத வேண்டாம்.

நீங்களே சரிசெய்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள்
மிக்ஸி, பைக், மோட்டார், எதுவானாலும். எழுத வராவிட்டால் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து இணைக்கலாம். நாங்கள் முதலில் படிப்பதும் கேட்பதும் இதைத்தான். உதவிப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள், கோபமாக இருந்த ஒருவரைச் சமாதானப்படுத்திய கதையைச் சொல்லுங்கள்.

எதிர்பார்க்கும் சம்பளம்
மேலே போட்டிருப்பதற்கு மேல் வேண்டுமென்றாலும் எழுதுங்கள்.

எந்த நேரத்தில் போன் செய்யலாம்?
காலை 9 - 12 / மதியம் 2 - 5 / மாலை 6 - 8

பயோடேட்டா (இருந்தால் மட்டும்)
பிடிஎஃப் அல்லது காகிதத்தைப் போட்டோ எடுத்து ஏற்றினாலும் போதும். ஜாதி, மதம், கல்யாணம் ஆகிவிட்டதா என்பதெல்லாம் அதில் இருந்தால் அடித்துவிட்டு அனுப்புங்கள்.

☐ என் விவரங்களை ஆறு மாதம் வைத்திருந்து, பொருத்தமான வேறு வேலை வந்தால் கூப்பிடலாம். (டிக் செய்யாவிட்டால் முடிவு சொன்னதும் அழித்துவிடுவோம்.)

[ அனுப்பு ]

*அனுப்பியதும் திரையில் வருவது:*
வந்து சேர்ந்தது. நாலு வேலை நாளுக்குள் போன் வரும், புது எண்ணாக இருந்தாலும் எடுங்கள். வரவில்லை என்றால் இதே படிவத்தை இன்னொரு முறை அனுப்புங்கள், தப்பு எங்கள் பக்கம்தான் இருக்கும்.