பில்லிங் மென்பொருள்: மாற்றக் குறிப்பேடு

புதியது மேலே, பழையது கீழே. உங்கள் வேலையில் ஏதாவது மாறினால் மட்டுமே இங்கே எழுதுவோம். காலையில் பில் திரையின் இடது மூலையில் தெரியும் பதிப்பு எண்ணும் இங்கே முதலில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் பில் போடாமல் 214-க்கு அழையுங்கள்.

பதிப்பு 4.7 – 2025 செப்டம்பர் 22, திங்கள்

கவுண்டரில் இருப்பவர்களும் ரிட்டன் எடுப்பவர்களும் கட்டாயம் படிக்கவும். குடோனுக்கு இதில் ஒன்றுமில்லை.

ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. இன்று முதல் மாறுகிறது. ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5%, அதைத் தாண்டினால் 18%. நேற்று வரை 1,000 ரூபாய்தான் எல்லை, அதற்கு மேல் 12%. விகிதத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், மென்பொருளே போட்டுக்கொள்ளும்.

ஆனால் தள்ளுபடியை எங்கே போடுகிறீர்கள் என்பது முக்கியம். 2,600 ரூபாய் சட்டைக்கு 10% தள்ளுபடி என்றால் விலை 2,340, வரி 5%. இதை பில்லில் அந்தச் சட்டை இருக்கும் வரிசையிலேயே ‘தள்ளுபடி’ கட்டத்தில் போட்டால்தான் சரியாக வரும். பில்லின் அடியில் மொத்தத்தில் கழித்தால் 18% விழும். இது எங்கள் பக்கக் குறை, 4.8-ல் சரிசெய்கிறோம். அதுவரை அடியில் கழிக்காதீர்கள்.

ரிட்டன்: செப்டம்பர் 22-க்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான். அதனால் இனி பழைய பில் எண் இல்லாமல் ரிட்டன் சேமிக்காது. `அசல் பில் எண் தேவை` என்று நிற்கும். கூட்ட நேரத்தில் ஏதாவது ஓர் எண்ணைத் தட்டிவிடத் தோன்றும். நாங்களே சோதனையில் ஒரு புது பில்லின் எண்ணைத் தட்டிப் பார்த்தோம்: 1,200 ரூபாய் சுடிதாருக்கு 144 ரூபாய் வரி திரும்ப வேண்டியது, 60 ரூபாய் என்று வந்தது. பில் தொலைந்திருந்தால் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணால் தேடலாம், F4.

பதிப்பு 4.6.1 – 2025 ஆகஸ்ட் 14, வியாழன்

F8 பழையபடி ‘பில்லை நிறுத்தி வை’ ஆகிவிட்டது. 4.6-ல் அதை ‘பில் ரத்து’ ஆக்கியது எங்கள் தவறு. கை பழகிய விசையைச் சொல்லாமல் மாற்றினோம், மூன்று நாளில் நிறைய பில்கள் ரத்தாகிவிட்டன. ரத்து இப்போது Ctrl+F8; உறுதியா என்று ஒரு தடவை கேட்கும்.

பதிப்பு 4.6 – 2025 ஆகஸ்ட் 11, திங்கள்

பார்கோடு படிக்காத லேபிளுக்கு எண்ணைக் கையால் அடிக்கலாம். ஸ்டாக் திரையில் அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும். (F8 விஷயம் மேலே.)