பால் சங்கத்து முன்னால் சாய்ந்து நிற்கும் கரண்டு போஸ்ட்: படத்துடன் ஒரு மனு

அனுப்புநர்:
சு. மரகதம்,
செயலாளர், பால் சங்கம்,
புளியம்பதி,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்வாரியப் பிரிவு அலுவலகம்.

நாள்: 19.05.2025

பொருள்: புளியம்பதி பால் சங்கத்துக்கு எதிரே சாய்ந்திருக்கும் 14/3 எண் போஸ்டை மாற்றவும், தொங்கும் கம்பிகளை இழுத்துக் கட்டவும், அதுவரை அந்த லைனில் கரண்டை நிறுத்தி வைக்கவும் வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். 17ஆம் தேதி சனிக்கிழமை காலை 6.20 மணிக்கு என் மகள் சங்கத்துத் திண்ணையில் நின்று கைப்பேசியில் எடுத்தது. படத்தின் கீழ்ப்பாதியில் பால் கேனோடு வரிசையில் நிற்கிறவர்கள் எங்கள் உறுப்பினர்கள். அவர்கள் தலைக்கு மேலே குறுக்காகப் போவதுதான் நான் எழுத வந்த விஷயம்.

படத்தில் சிவப்பு மையால் மூன்று இடங்களை வட்டமிட்டிருக்கிறேன். முதல் வட்டம் போஸ்டின் அடிப்பகுதி. மேற்குப் பக்கம் மண் பிளந்து, ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். இரண்டாவது வட்டம் உச்சியில் உள்ள இரும்புச் சட்டம். அங்கே ஒரு பீங்கானில் கம்பியைச் சுற்றியிருந்த கட்டு அவிழ்ந்து, கம்பி சட்டத்தின் மேலேயே படுத்திருக்கிறது. மூன்றாவது, ரோட்டுக்கு மேலே தொங்கும் கம்பிகள். நான்கில் இரண்டு நன்றாகவே இறங்கிவிட்டன. காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசிப் பொறி பறக்கிறது. அதைப் படத்தில் பிடிக்க முடியவில்லை. ஆனால் வரிசையில் நிற்கும் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

போஸ்டின் வலப்பக்கம் நேராக இறங்கும் ஒரு கோடு தெரிகிறதல்லவா, அது கம்பி அல்ல. என் தம்பி கொத்தனார். இருபது அடி தள்ளி நின்று தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டான், சாய்வு எவ்வளவு என்று படத்திலேயே தெரியட்டும் என்று. அந்த நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போஸ்டின் உச்சி இரண்டரை அடியாவது ரோட்டுப் பக்கம் விலகியிருக்கிறது. நேரில் வந்தால் இன்னும் அதிகமாகத் தெரியும், ஏனென்றால் அது படம் எடுத்தவளை நோக்கியும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. போஸ்டுக்குப் பக்கத்தில் யாரும் போய் அளக்கவில்லை, கம்பை வைத்தும் அளக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பியின் உயரத்தையும் படத்தை வைத்தே கணக்குப் பார்த்தோம். ரோட்டோரக் காத்திருப்புக் கொட்டகையின் கூரை விளிம்பு பத்தடி. அதற்கு மேல் மூன்றடியில் கம்பி வந்துவிடுகிறது. ஆக ரோட்டின் நடுவில் சுமார் பதின்மூன்று அடி, அதாவது நாலு மீட்டர். தெருவைக் குறுக்கே கடக்கும் இப்படிப்பட்ட லைன் தரையிலிருந்து 5.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கணக்கு அரையடி முன்னே பின்னே இருந்தாலும்கூட, வைக்கோல் ஏற்றிய டிராக்டரோ மட்டை ஏற்றிப் பொள்ளாச்சிக்குப் போகும் லாரியோ இதன் அடியில் நுழைய முடியாது. இரண்டு வாரமாக அந்த வண்டிகளை நாங்களே கைகாட்டி வடக்கு ரோட்டில் திருப்பி விடுகிறோம். விடிகாலை நாலு மணிக்குப் போகும் கள் வண்டிகளை நிறுத்த ஆளில்லை.

ஏன் சாய்ந்தது என்பது எங்களுக்குத் தெரிந்த வரையில் இதுதான். லைன் அந்த இடத்தில்தான் திரும்பி ரோட்டைக் கடக்கிறது. அதனால் நான்கு கம்பியின் இழுப்பும் ஒரே பக்கம். அதைத் தாங்கத்தான் மறுபக்கம் ஸ்டே கம்பி போட்டிருந்தார்கள். மாசி மாதம் குடிநீர்க் குழாய்க்காகச் சால் தோண்டியபோது ஸ்டே புதைந்திருந்த மண்ணையும் சேர்த்து வெட்டிவிட்டு, மேலாக மூடிப் போய்விட்டார்கள். ஸ்டே கம்பி இப்போது கொடிக்கயிறு மாதிரித் தளர்ந்து கிடக்கிறது. இதோடு எங்கள் மண் கரிசல் மண். கோடையில் வெடித்து வாய் பிளக்கும், மழை பெய்தால் ஊறிக் குழைந்துவிடும். சித்தூர் கிழக்கில் விவசாயம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். இந்த மண்ணில் சும்மா குழி தோண்டி நட்டால் போஸ்ட் நிற்காது.

ஏப்ரல் 10ஆம் தேதி நாங்கள் 1912க்குப் போன் செய்தோம். அன்றைக்கே இரண்டு லைன்மேன்கள் வந்தார்கள். கையில் இருந்த நைலான் கயிற்றால் போஸ்டைப் பக்கத்துத் தென்னையோடு இழுத்துக் கட்டிவிட்டு, புது போஸ்ட் வர எழுதிப் போடுகிறோம் என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வெயிலில் வந்து, இருந்ததை வைத்துச் செய்தார்கள். ஆனால் தென்னை அசையாமல் நிற்கிற மரமா? காற்றுக்குத் தென்னை ஆடும்போதெல்லாம் கயிறு போஸ்டை இழுத்து இழுத்து விடுகிறது. அடிமண் பிளந்தது அந்தக் கயிறு கட்டிய பிறகுதான். அதற்குப் பின் இரண்டு முறை நேரில் வந்து ஓவர்சியரிடம் சொன்னேன். இன்றுவரை போஸ்டை மாற்ற யாரும் வரவில்லை.

மே 8ஆம் தேதி மாலை, காற்றும் தூறலும் இருந்த நேரம், எங்கள் தெருவில் சில வீடுகளில் பல்புகள் திடீரென்று பளீரென்று எரிந்தன, சில வீடுகளில் மங்கிப்போயின. இரண்டு வீட்டில் டிவி போய்விட்டது, ஒரு வீட்டில் பிரிட்ஜ். நியூட்ரல் கம்பியின் இணைப்பு விட்டால்தான் இப்படி ஆகும் என்று ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்த எங்கள் ஊர்ப் பையன் சொன்னான். நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு அதைவிட எவ்வளவோ அதிகமாக வந்துவிடுமாம். மறுநாள் வந்து இணைப்பை முறுக்கிக் கொடுத்தார்கள். போஸ்ட் சாய்ந்துகொண்டே இருக்கும்போது முறுக்கிய இணைப்பு எத்தனை நாள் நிற்கும்?

போன பொருளுக்கு ஈடு கேட்டு இதை எழுதவில்லை. என் பயம் வேறு. எங்கள் சங்கத்தில் காலையிலும் மாலையிலுமாக அறுபது பேர் பால் ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். கையில் ஈரமான ஸ்டீல் கேன், காலில் செருப்பு இருக்காது, கழுவிவிட்ட தண்ணீர் வாசல் முழுக்க ஓடும். மே 14 மழைக்குப் பிறகு ஸ்டே கம்பியை ஒட்டி மேய்ந்த ஓர் ஆடு கத்திக்கொண்டு துள்ளி விலகியது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. உச்சியில் கம்பி இரும்புச் சட்டத்தில் படுத்திருக்கிறது, அந்தச் சட்டத்திலிருந்து கீழே வரை இரும்பு வருகிறது. ஆட்டுக்குப் பதில் ஒரு குழந்தை அந்த ஸ்டேயைப் பிடித்திருந்தால் என்று நினைத்து அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாளே சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு, பால் வரிசையைச் சங்கத்தின் பின்பக்கம் மாற்ற முயன்றோம். பின்பக்கம் இடம் பத்தாது. படத்தில் தெரிகிற வரிசை அதன் மிச்சம்தான்.

ஜூன் 2ஆம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கு நடந்து போகும் வழி இந்தப் போஸ்டைத் தாண்டித்தான். எடவப்பாதி மழையும் அப்போதுதான் தொடங்கும். அந்த மழையோடு மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படிப்பட்டது என்று இங்கே வேலை பார்க்கிற தங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் போஸ்ட் சாய்ந்திருப்பது கிழக்கே. காற்று பின்னாலிருந்து தள்ளும். ஒரு மழை தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகையால், தயவுசெய்து இன்று அல்லது நாளைக்குள் ஒருவரை அனுப்பி அவிழ்ந்த கம்பியைப் பீங்கானில் கட்டச் செய்யுங்கள். ஏறுவதற்கே ஆபத்து என்று தோன்றினால் அந்தப் பகுதிக்குக் கரண்டை நிறுத்தி வையுங்கள். இருட்டில் இருக்க எங்களுக்குச் சம்மதம். பிறகு புது போஸ்ட். பழையதையே நிமிர்த்தி மண் மிதித்து விட்டால் கரிசலில் மறுபடி சாயும். குழியில் கல்லும் கான்கிரீட்டும் இட்டு, ஸ்டேயைக் குழாய்ச் சாலுக்கு அப்பால் தள்ளிப் போட்டு, கம்பிகள் உரசாதபடி நடுவில் ஸ்பேசர் மாட்டித் தந்தால் நிலைக்கும். தென்னையில் கட்டிய கயிறு அவிழ வேண்டியது அதற்குப் பின்தான், முன்னால் அவிழ்த்தால் போஸ்ட் விழுந்துவிடும்.

வேலைக்கு ஒரு நாள் முழுக்கக் கரண்டு நிறுத்தினாலும் பரவாயில்லை. முந்தைய நாள் சொன்னால் பால் குளிரூட்டும் எந்திரத்துக்கு ஜெனரேட்டர் ஏற்பாடு செய்துகொள்கிறோம். முடிந்தால் காலை எட்டுக்கு மேல், மாலை மூன்றுக்குள் வைத்துக்கொண்டால் பால் நேரம் தப்பும். போஸ்ட் ஏற்றி வரும் லாரி தெற்கே உள்ள சின்னப் பாலத்தில் திரும்பாது, வடக்கு ரோட்டில்தான் வர வேண்டும். குழி தோண்ட நான்கு ஆள் சங்கம் தரும். தென்னைக்காரர் மட்டை வெட்டவும் சம்மதித்து எழுதிக் கொடுத்திருக்கிறார். சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

இந்த மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறேன். மொழிச் சிறுபான்மைப் பகுதியில் உள்ளவர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. எங்கள் உறுப்பினர்கள் எல்லோரும் வாசிக்கும்படி பதிலைத் தமிழில் தந்தால் சங்கத்துப் பலகையில் ஒட்டுவேன். வேலைக்கு வருகிறவர்களின் வசதிக்காக இதன் சுருக்கத்தை என் மகள் மலையாளத்திலும் எழுதி இணைத்திருக்கிறாள்.

23ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பால் கணக்கை முடித்துவிட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். அதற்குள் தாங்களே இங்கு வந்து பார்த்துவிட்டால் மிகுந்த மகிழ்ச்சி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. மரகதம்
(உறுப்பினர்கள் 47 பேரின் கையெழுத்து பின்தாளில்)

இணைப்பு: குறியிட்ட படம் ஒன்று, சங்கத்தின் மின்கட்டண ரசீது நகல், தென்னைக்காரரின் சம்மதக் கடிதம், மலையாளச் சுருக்கம்.

நகல்: மாவட்ட மின் ஆய்வாளர் அவர்கள், பாலக்காடு, ஊராட்சித் தலைவர் அவர்கள்.