அடிக்க அடிக்க இறுகும் காடி கொண்ட களைக்கொத்து (தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பத்தின் விவரணப் பகுதி)

துறை

இந்தக் கண்டுபிடிப்பு கையால் களை வெட்டும் கருவிகளைப் பற்றியது. குறிப்பாக, நீளமான காம்பு உள்ள களைக்கொத்தில் தேய்ந்த அலகைக் கழற்றிவிட்டுப் புது அலகை மாட்டும் இணைப்பைப் பற்றியது. போல்ட், நட், ரிவெட், ஸ்பேனர் எதுவும் இதற்குத் தேவையில்லை.

இப்போது இருப்பதும் அதில் உள்ள சிக்கலும்

களைக்கொத்தில் தேய்வது அலகின் வெட்டு விளிம்பு மட்டும்தான். காம்பும், காம்பைப் பிடிக்கும் குழலும், இரண்டையும் சேர்க்கும் இரும்பும் பல வருடம் தாங்கும். ஆனால் அலகைக் குழலோடு வெல்டிங் செய்தோ ரிவெட் அடித்தோ ஒன்றாக்கிவிடுவதால், விளிம்பு தேய்ந்ததும் தலைப்பகுதி முழுவதையும் தூக்கிப்போட வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுபோய் நுனியில் புதுத் துண்டு ஒட்ட வேண்டியிருக்கிறது.

போல்ட் போட்டு மாட்டும் அலகுகளும் உண்டு. அவை புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கின்றன. அப்புறம் ஈரமண்ணும் துருவும் சேர்ந்து நட் இறுகிவிடும், ஸ்பேனர் பிடிக்கும் மூலைகள் கல்லில் பட்டு மழுங்கிவிடும், கடைசியில் போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு பக்கம், மண்ணைக் கொத்தும் அதிர்ச்சியில் நட் தானாகவே தளர்ந்து வரப்பில் எங்கேயோ விழுந்துபோவதும் நடக்கும். இப்படித் தளர்வதற்குக் காரணம் ஒன்றுதான்: போல்ட் இணைப்பில் வேலையின் விசை அலகை இறுக்குவதில்லை, அதைத் தளர்த்தத்தான் பார்க்கிறது.

நோக்கமும் சுருக்கமும்

வேலை செய்யும் விசையே அலகை இறுக்க வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். ஒரு கல்லும் ஒரு ஆணியும் இருந்தால் வயலில் நின்றபடியே அலகைக் கழற்ற முடிய வேண்டும். சாதாரணப் பட்டறையில் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

இதற்காக, அலகின் மேல்பகுதியை மேலே போகப் போகக் குறுகும் வாலாக வெட்டியிருக்கிறேன். அதே சாய்வில் குறுகும் காடி ஒன்று காம்போடு சேர்ந்த தாங்கியில் இருக்கிறது. கீழிருந்து வாலைக் காடிக்குள் செருகினால் அது ஆப்பு மாதிரி உட்காரும். கொத்தும் ஒவ்வொரு முறையும் மண் அலகை மேல்நோக்கித் தள்ளுவதால் வால் இன்னும் இறுகும். காடியின் மேல்முனை திறந்திருப்பதால் அங்கிருந்து கீழ்நோக்கித் தட்டினால் அலகு கழன்றுவிடும்.

படங்கள்

படம் 1 முழுக் கருவியின் பக்கத் தோற்றம். படம் 2 அலகு இல்லாமல் தாங்கி மட்டும், காடி தெரியும் பக்கத்திலிருந்து. படம் 3 அலகு மட்டும். படம் 4 காடியின் நடுவில் குறுக்கே வெட்டிய தோற்றம், வால் உள்ளே இருக்கும்போது. படம் 5 ஆணி வைத்து அலகைக் கழற்றுவதைக் காட்டுகிறது.

எண்கள் எல்லாப் படங்களிலும் ஒன்றே: காம்பு 10, குழல் 12, தாங்கித் தகடு 20, மடிப்புகள் 22, காடி 24, குறுக்குப் பட்டை 25, மேல் திறப்பு 26, மண் போகும் துளை 28, அலகு 30, வால் 32, தோள்கள் 34, வெட்டு விளிம்பு 36, வால் நுனி 38.

விரிவான விவரம்

முதலில் திசைகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழப்பம் வரும். கருவியைப் பிடித்து நிற்பவரைப் பார்க்கும் பக்கம் முன்பக்கம். அதற்கு எதிர்ப்பக்கம் பின்பக்கம். வெட்டு விளிம்பு 36 இருக்கும் முனை கீழ், வால் நுனி 38 இருக்கும் முனை மேல்.

காம்பு 10 சுமார் 1200 மி.மீ. நீளமும் 32 மி.மீ. விட்டமும் உள்ள மரம் அல்லது மூங்கில். அது 100 மி.மீ. நீளமுள்ள குழல் 12-க்குள் செருகி ஒரு ஆணியால் நிறுத்தப்பட்டிருக்கிறது. குழல் தாங்கித் தகடு 20-ன் முன்பக்கத்தில், மேல் பாதியில், வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. காம்புக்கும் அலகுக்கும் இடையிலான கோணம் 70 டிகிரி. 60 முதல் 80 வரை எதுவும் பொருந்தும், நின்றபடி இழுப்பதற்கு 70 வசதியாக இருந்தது.

தாங்கித் தகடு 4 மி.மீ. கனமுள்ள மைல்ட் ஸ்டீல். அதன் இரு ஓரங்களும் பின்பக்கமாக மடிக்கப்பட்டு, மறுபடி உள்நோக்கி மடிக்கப்பட்டு மடிப்புகள் 22 ஆகின்றன. தகட்டுக்கும் இந்த மடிப்புகளுக்கும் இடையில் உள்ள இடம்தான் காடி 24. காடியின் ஆழம் 3.4 மி.மீ., நீளம் 68 மி.மீ. கீழ் வாயில் அதன் அகலம் 40 மி.மீ., அங்கிருந்து 60 மி.மீ. மேலே 34 மி.மீ., அதே சாய்வு மேல் திறப்பு 26 வரை தொடர்கிறது. அதாவது ஒவ்வொரு பக்கமும் சுமார் 3 டிகிரி உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் வாலின் மேல் 8 மி.மீ. படிந்து பிடிக்கும், நடுவில் இடைவெளி இருக்கும். இழுக்கும்போது கீழ் வாயில்தான் மடிப்புகளுக்குச் சுமை அதிகம். அதனால் அங்கே இரு மடிப்புகளையும் இணைத்துக் குறுக்குப் பட்டை 25 ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பட்டை இல்லாமல் செய்த மாதிரியில் மடிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தன.

அலகு 30 மூன்று மி.மீ. கனமுள்ள அதிகக் கார்பன் எஃகு. வெட்டும் பகுதி 100 மி.மீ. அகலம், 90 மி.மீ. உயரம். அதற்கு மேலே வால் 32, நீளம் 70 மி.மீ., நுனியில் 34, தோள்கள் 34 அருகே 41 மி.மீ. அகலம் (தோள்களின் எண்ணும் 34 என்பது தற்செயல், அதை அளவாகப் படிக்க வேண்டாம்). வாலின் ஓரங்கள் லேசாக மழுக்கப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் மடிப்பின் உள்வளைவில் மோதி நிற்கும்.

வாலின் 70 மி.மீ.-இல் 60 மட்டும் காடிக்குள் இருக்கும், 10 மி.மீ. வெளியே நிற்கும். இந்தப் பத்து மி.மீ. இடைவெளி முக்கியமானது. முதல் மாதிரியில் தோள்களைக் காடியின் வாயோடு ஒட்டியே வைத்துவிட்டேன். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. காடி தேய்ந்ததும் வால் மேலே ஏறி இறுக வேண்டும், ஆனால் தோள்கள் வாயில் இடித்து ஏறவிடாமல் தடுத்ததால் அலகு ஆட ஆரம்பித்துவிட்டது. இந்தச் சாய்வில் வால், காடி இரண்டின் அகலத் தேய்மானமும் சேர்ந்து 0.1 மி.மீ. ஆகும்போது வால் சுமார் 1 மி.மீ. ஏறும். எனவே 10 மி.மீ. இடைவெளி மொத்தம் 1 மி.மீ. தேய்மானத்தைத் தாங்கும். அதற்குள் அந்த அலகே தேய்ந்து முடிந்துவிடும். புது அலகின் வாலை அரை மி.மீ. அகலமாக வெட்டினால் பழைய காடியும் தொடர்ந்து உழைக்கும்.

சாய்வுக் கோணத்தை ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 5 டிகிரி வரை வைக்கலாம். இரும்போடு இரும்பு உராயும் பிடிப்பே வாலை விழாமல் நிறுத்துகிறது, சாய்வு கூடினால் அந்தப் பிடிப்பு போதாது. 8 டிகிரியில் செய்து பார்த்தபோது அலகால் வேரை நெம்பியதும் வால் நழுவியது. 1 டிகிரியில் பிடிப்பு அபாரம், ஆனால் கழற்றுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. 3 டிகிரிதான் நான் அறிந்தவரை சிறந்த அளவு.

தாங்கித் தகட்டின் கீழ் பாதியில் 12 மி.மீ. அகலமும் 25 மி.மீ. உயரமும் உள்ள துளை 28 இருக்கிறது. வாலோடு உள்ளே போகும் மண் இதன் வழியே வெளியேறும். இது இல்லாவிட்டால் மண் கட்டியாகி வாலைத் தகட்டிலிருந்து தள்ளி நிறுத்திவிடும்.

வேலை செய்யும் விதம்

அலகை மாட்ட, வாலைக் கீழ் வாய் வழியாகக் கையால் செருகி, வெட்டு விளிம்பின் கீழ் ஒரு மரக்கட்டையை வைத்து இரண்டு மூன்று முறை குத்தினால் போதும். கல் மேல் குத்தினால் விளிம்பு போய்விடும்.

கொத்தும்போது மண்ணின் எதிர்விசை விளிம்பிலிருந்து வாலை நோக்கிப் போகிறது, அதாவது ஆப்பை உள்ளே தள்ளும் திசையில். இழுக்கும்போதும் அப்படித்தான். காம்பைத் தரையோடு சுமார் 45 டிகிரி சாய்வில் பிடித்தால், 70 டிகிரிக் கோணத்தால் அலகின் நுனி இழுப்பவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். மண் அதை எதிர்ப்பக்கமாகத் தள்ளும்போது அந்த விசையின் பெரும்பகுதி அலகின் நீளவாக்கில் வாலுக்கே போகிறது. வேரை நெம்பும்போது மட்டும் விசை வேறு திசையில் வரும், அப்போது பிடித்து நிறுத்துவது உராய்வும் மடிப்புகளும்தான்.

கழற்ற, கருவியைத் தலைகீழாக்காமல், தாங்கியை ஒரு கட்டை மேல் சாய்த்து, மேல் திறப்பு 26 வழியாக ஒரு தடித்த ஆணியை வால் நுனி 38 மேல் வைத்துக் கீழ்நோக்கி ஒரு தட்டு. வால் நுனி திறப்புக்கு 8 மி.மீ. கீழே உட்கார்ந்திருப்பதால் ஆணி வழுக்காது. மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் காடியின் ஆழத்தைவிடத் தடித்த ஆணியும் பிடிக்கும். ஆணி இல்லையா, பழைய அலகின் மூலையே போதும். குழல் முன்பக்கத்தில் இருப்பதால் இந்த வழியை எதுவும் மறைப்பதில்லை.

மாற்று வடிவங்கள்

மேலே சொன்ன அளவுகள் ஒரு உதாரணமே, கருவியைச் சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் இணைப்பு அதேதான். தகட்டை மடிக்கும் வசதி இல்லாத இடத்தில், தட்டையான தகட்டின் மேல் சாய்வாக இரண்டு பட்டைகளை ஒட்டி, அவற்றின் மேல் அகலமான இரண்டு பட்டைகளை ஒட்டியும் காடி செய்யலாம். வார்ப்பு இரும்பில் ஒரே துண்டாகவும் வார்க்கலாம். வால் இருபக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அலகை முன்பின்னாகத் திருப்பி மாட்டலாம், விளிம்பு இரு முகத்திலும் சீராகத் தேயும்.

ஒரே தாங்கியில் வேறு அலகுகளும் பொருந்தும்: நெருக்கமான வரிசைகளுக்கு 50 மி.மீ. அகலத்தில் ஒன்று, மண் அணைக்க 150 மி.மீ. அகலத்தில் ஒன்று, கிழங்கு வகைக் களைகளுக்கு இரண்டு அல்லது மூன்று பல் உள்ள முள் அலகு, தண்டைப் பிடித்து வெட்ட நடுவில் பிளவுள்ள அலகு. எல்லாவற்றின் வாலும் ஒரே அளவு. காம்பை 300 மி.மீ.-ஆகக் குறைத்தால் உட்கார்ந்து களையெடுக்கும் சிறு கருவியாகும், அதில் கோணத்தை 80 டிகிரிக்கு மேல் வைப்பதானால் இழுக்கும்போது இறுகும் விசை குறையும் என்பதால் சாய்வை 2 டிகிரியாக வைப்பது நல்லது.