ஆறு மாத ஊதியமில்லா விடுப்பு வேண்டி விண்ணப்பம்

ஆம்பூர்
5.1.2026

அனுப்புநர்:
க. சுமதி,
மேற்பார்வையாளர், பேட்டர்ன் பிரிவு.

பெறுநர்:
தொழிற்சாலை மேலாளர் அவர்கள்
(மனிதவள அலுவலர் வழியாக).

பொருள்: 2.2.2026 முதல் 1.8.2026 வரை ஊதியமில்லா விடுப்பு வேண்டுதல், 3.8.2026 அன்று பணிக்குத் திரும்ப உறுதி அளித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அம்மாவுக்குப் போன மாதம் பக்கவாதம் வந்தது தங்களுக்குத் தெரியும். உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது. ஆனால் வலது கையும் காலும் இன்னும் அசையவில்லை, பேச்சும் தெளிவாக வரவில்லை. குடியாத்தத்தில் பீடி சுற்றியே என்னையும் தம்பியையும் படிக்க வைத்தவர். அந்தக் கையால் இப்போது ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

பக்கவாதத்தில் இழந்த இயக்கம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்தான் வேகமாகத் திரும்பும், அதற்குள் தினமும் பயிற்சி தரவேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி தொடங்க ஏற்பாடாகியிருக்கிறது. முதலில் அம்மா வரமாட்டேன் என்றார். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1966-இல் தொடங்கிய இடம் அது என்று நான் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே இருந்து பயிற்சிகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டிலும் அதையே காலை மாலை செய்ய வைக்க வேண்டும். தம்பி ஓசூரில் ஷிப்ட் வேலையில் இருக்கிறான், சில சனி ஞாயிறுகளில் மட்டும் வர முடியும். ஆள் வைத்துப் பார்த்தோம். குளிப்பாட்டி விடுவார்கள், சாப்பாடு ஊட்டுவார்கள், பயிற்சி மட்டும் நடக்கவில்லை. அதனால் பாகாயத்திலேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்து நானே உடன் இருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். ஆம்பூரிலிருந்து தினமும் போய்வந்தால் வேலை, வைத்தியம் இரண்டுமே கெடும்.

"ராஜினாமா பண்ணிடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஸ்டிச்சிங் மெஷினில் உட்கார்ந்திருந்த என்னை கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்பி, பேட்டர்ன் வெட்டக் கற்றுக்கொடுத்தது இந்தத் தொழிற்சாலை. ஒரு புது மாடல் அப்பர் தாளில் இருந்து தோலுக்கு வந்து, லாஸ்டில் சரியாக உட்காரும்போது வரும் சந்தோஷத்தை நான் வேறெங்கும் தேடப் போவதில்லை.

என் வேலை தடைபடாமல் இருக்கச் செய்யக்கூடியவற்றை யோசித்து வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் சாம்பிள்கள் எல்லாவற்றையும் ஜனவரி முடிவதற்குள் ஒப்புதலுக்கு அனுப்பிவிடுவேன். சைஸ் கிரேடிங்கை மாலதி ஏற்கெனவே தனியாகச் செய்கிறார். லைனிங் அலவன்ஸும் தோல் நீளும் பக்கம் பார்த்துப் பேட்டர்ன் வைப்பதும்தான் அவருக்கு இன்னும் கை வரவேண்டும். இந்த மாதம் முழுக்க அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறேன். ஒவ்வொரு பையருக்கும் எந்த அளவு, என்ன திருத்தம் கேட்பார்கள் என்பதை ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதித் தருகிறேன். விடுப்பில் இருக்கும்போதும் மதியம் இரண்டு மணிக்கு மேல் போனில் கேட்கலாம். தம்பி வரும் சனிக்கிழமைகளில் அவசரம் என்றால் நேரில் வந்து சாம்பிளைப் பார்த்துக் கொடுப்பேன். பேட்டர்னை வீட்டில் இருந்து செய்வது சரிவராது, தோலைத் தொட்டுப் பார்க்காமல் அந்த வேலை ஆகாது. அதனால் அதைக் கேட்கவில்லை.

விடுப்புக் காலத்துக்குச் சம்பளம் வேண்டாம். இருக்கும் சேமிப்பையும் தம்பி தருவதையும் வைத்துச் சமாளித்துக்கொள்வோம். மூன்று விஷயங்களை மட்டும் ஆணையில் எழுத்தில் தரவேண்டுகிறேன்: என் பணித்தொடர்ச்சி முறியாது என்பது, திரும்பி வரும்போது இதே பிரிவில் இதே நிலையில் சேர்த்துக்கொள்வது, குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் தொடர்வது. பிரீமியத்தில் நிறுவனம் கட்டும் பங்கையும் இந்த ஆறு மாதத்துக்கு நானே கட்டிவிடுகிறேன். கிராஜுவிட்டி கணக்கு என் பிள்ளைகளின் எதிர்காலம் என்பதால்தான் முதல் விஷயத்தை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்.

3.8.2026 திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு நான் வந்துவிடுவேன். அம்மா எழுந்து நடக்கும் நிலை முன்பே வந்தால், பதினைந்து நாள் முன்னதாகத் தெரிவித்துவிட்டு முன்பே சேர்கிறேன். ஆகஸ்டுக்குள் அவர் முழுதாகத் தேறாவிட்டாலும் நீட்டிப்புக் கேட்கமாட்டேன். அப்போது அவரைத் தம்பி ஓசூருக்கு அழைத்துப் போவதென்று இருவரும் பேசி முடித்திருக்கிறோம். இடையில் வேறு எந்தக் கம்பெனியிலும், ஜாப் வொர்க்காகக்கூட, வேலை செய்யமாட்டேன். திரும்பிய பின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இங்கேயே பணியாற்றுவதாக எழுதிக் கையெழுத்திடவும் தயார்.

மாலதிக்குப் பொறுப்பை ஒப்படைக்க நாள் வேண்டியிருப்பதால், 12-ஆம் தேதிக்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். நேரில் பேச வேண்டும் என்றால் எந்த நாள் உணவு இடைவேளையிலும் வருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. சுமதி

இணைப்பு: மருத்துவச் சான்று நகல், மறுவாழ்வு மையப் பதிவுச் சீட்டு நகல்.