ரத்தப் பரிசோதனை முடிவு: எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்தது தூக்கப் பரிசோதனை, ஜூன் 12 இரவு

சரோஜா அம்மாவுக்கு, வணக்கம்.

ஜூன் 4 காலையில் நீங்கள் கொடுத்த ரத்தத்தின் முடிவுகள் முழுக்க வந்துவிட்டன. ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை, ரத்தசோகை இல்லை. சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக வேலை செய்கின்றன. புதிதாக மாத்திரை எதுவும் வேண்டாம். பிரஷருக்குப் போடும் டெல்மிசார்டன் 40ஐ இப்போது போடுகிற மாதிரியே தினமும் காலையில் போடுங்கள்.

ரத்தம் நன்றாக இருப்பதால் உங்கள் களைப்பு பொய்யாகிவிடாது. ரத்தத்தில் தெரிகிற காரணங்கள் விலகிவிட்டன, அவ்வளவுதான். அதனால் அடுத்து தூக்கத்தைப் பார்க்கிறேன். வரும் வியாழக்கிழமை, ஜூன் 12 இரவு, அல்சூரில் உங்கள் வீட்டிலேயே அந்தப் பரிசோதனை நடக்கும். 18ஆம் தேதி புதன்கிழமை மாலை 5.30க்கு என்னை வந்து பாருங்கள். இவ்வளவு தெரிந்தால் போதும் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதி எல்லாம் விவரம்தான்.

முதலில் அந்தச் சிவப்பு எழுத்து. லேப் ரிப்போர்ட் தயாரானதும் தானாகவே போர்ட்டலில் ஏறிவிடும், டாக்டர் பார்க்கும்வரை காத்திருக்காது. நேற்று இரவு அதைத் திறந்த உங்கள் மகன் இரண்டு இடத்தில் H என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு என்ன டாக்டர்?" என்று பதினொரு மணிக்கு எழுதியிருக்கிறார். அவர் பயந்ததில் தப்பில்லை, அந்தச் சிவப்பு யாரையும் பயமுறுத்தும். அதன் பின்னால் உள்ள கணக்கு இதுதான்: ஆரோக்கியமானவர்கள் 100 பேரைச் சோதித்து, நடுவில் வரும் 95 பேரின் அளவைத்தான் பொதுவாக 'நார்மல்' என்று அச்சிடுகிறார்கள். மீதி 5 பேரும் ஆரோக்கியமானவர்கள்தான், ஆனாலும் அவர்கள் ரிப்போர்ட்டில் சிவப்பு விழும். உங்கள் ரிப்போர்ட்டில் நாற்பது வரிகள் இருக்கின்றன. அதில் ஒன்றிரண்டு சிவப்பு இல்லாமல் வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் சிவப்பு இயோசினோபில் என்ற வெள்ளை அணு. அது 6.5 சதவீதம் இருக்கிறது, லேப் போட்டிருக்கும் மேல் வரம்பு 6. இதில் சதவீதத்தை மட்டும் வைத்து நான் முடிவு எடுப்பதில்லை. மொத்த வெள்ளை அணுக்கள் 6,200, அதில் 6.5 சதவீதம் என்றால் சுமார் 400. எண்ணிக்கை 500க்குள் இருந்தால் கவலை இல்லை. தும்மல், மூக்கடைப்பு, தோல் அரிப்பு மாதிரி அலர்ஜி உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். காலையில் எழுந்ததும் ஏழெட்டுத் தும்மல் வருகிறது என்று நீங்களே சொன்னீர்கள். பெங்களூரில் காலி மனை கிடைத்தால் போதும், பார்த்தீனியம் முளைத்துவிடும். இந்த ஊருக்கு வந்தபிறகுதான் தும்மல் ஆரம்பித்தது என்று சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தும்மல் தொந்தரவாக இருந்தால் 18ஆம் தேதி பேசிக்கொள்வோம். இதற்காகப் பூச்சி மாத்திரை வாங்கிப் போடவேண்டாம்.

இரண்டாவது சிவப்பு, உடம்பில் எங்காவது அழற்சி இருக்கிறதா என்று கோடிகாட்டும் ஈஎஸ்ஆர். 24 வந்திருக்கிறது, லேப் வரம்பு 20. இந்த அளவு வயதோடு சேர்ந்து ஏறும். பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி இரண்டால் வகுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். உங்கள் 56 வயதுக்கு அது 33 வருகிறது. அதற்குள்தான் இருக்கிறீர்கள்.

நீங்கள் குறிப்பாகக் கேட்டவற்றுக்கு வருகிறேன். அக்காவுக்குச் சர்க்கரை இருப்பதால் அதுதான் உங்களுக்குப் பெரிய பயம். மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, 5.5 சதவீதம். 5.7க்குக் கீழே இருந்தால் சர்க்கரை இல்லை, எல்லையிலும் இல்லை என்று அர்த்தம். 6.5ஐத் தொட்டால்தான் சர்க்கரை நோய் என்போம். ஹீமோகுளோபின் 12.8, பெண்களுக்கு 12க்கு மேல் இருந்தால் ரத்தசோகை இல்லை. இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 58, அதுவும் போதுமானது. நீங்கள் சுத்த சைவம் என்பதால் பி12 குறைந்திருக்குமோ என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. 410 இருக்கிறது, தாராளம். தயிரும் மோரும் தொடரட்டும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.8, ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் உப்பு 4.4. டெல்மிசார்டன் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டையும் அவ்வப்போது பார்க்கவேண்டும், அதனால்தான் சேர்த்து எழுதினேன்.

தைராய்டுக்கான டிஎஸ்எச் 2.6. முடி கொட்டுகிறது என்று போடும் பயோட்டின் மாத்திரையை நான் சொன்னபடி மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்தீர்கள், அதனால் இந்த எண்ணை நம்பலாம். அதை நிறுத்தாமல் கொடுத்தால் தைராய்டு முடிவு தப்பாக வரக்கூடும். அந்த மாத்திரையை இனி போட்டாலும் சரி, விட்டாலும் சரி. ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், குறிப்பாக நெஞ்சுவலி என்று எமர்ஜென்சிக்குப் போனால், அதைப் போடுவதாகச் சொல்லிவிடுங்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையையும் அது குழப்பக்கூடும்.

'இத்தனையும் நார்மல் என்றால் ஒரு ஃபுல் பாடி செக்கப் எடுத்துவிடலாமா' என்றும் மகன் கேட்டிருக்கிறார். வேண்டாம். எண்பது, நூறு சோதனை என்று சேர்த்துக்கொண்டே போனால் சிவப்பும் சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பணத்தை வைத்திருங்கள்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். மாமியாரைப் பார்க்க ராத்திரி இரண்டு தடவை எழுகிறேன், களைப்பு அதனால்தான் என்றீர்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மாமியார் நாத்தனார் வீட்டில் இருந்த பத்து நாளும் களைப்பு குறையவில்லை என்று நீங்களேதான் சொன்னீர்கள். காலையில் எழும்போதே தலை கனமாக இருக்கிறது, வாய் வறண்டு போகிறது, மதியம் சீரியல் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் கண் சொக்குகிறது. உங்கள் வீட்டுக்காரர் குறட்டையைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் சிரித்துவிட்டீர்கள். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை நான் குறித்துவைத்திருக்கிறேன்: குறட்டை சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், அப்புறம் ஒரு பெரிய மூச்சோடு திரும்ப ஆரம்பிக்கிறது என்றார். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபட்டால் இப்படி ஆகும். அதை ஸ்லீப் ஆப்னியா என்போம். மூச்சு தடைப்படும் ஒவ்வொரு தடவையும் மூளை லேசாக விழிக்கும், உங்களுக்குத் தெரியாது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கின மாதிரியே இருக்காது. பிரஷர் ஏறுவதற்கும் இது ஒரு காரணம். மாதவிடாய் நின்றபிறகு பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்களுக்கு இருக்கிறது என்று நான் இப்போது சொல்லவில்லை, பார்க்கவேண்டும் என்கிறேன்.

வியாழன் மாலை 6 மணிக்கு எங்கள் டெக்னீஷியன் வீட்டுக்கு வருவார். விரலில் ஒரு கிளிப், மார்பைச் சுற்றி ஒரு பட்டை, மூக்கின் கீழே ஒரு மெல்லிய குழாய், இவ்வளவுதான். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. எப்படி மாட்டுவது என்று காட்டிவிட்டுப் போவார். படுக்கும்போது நீங்களே மாட்டிக்கொள்ளலாம், தமிழில் எழுதிய தாளும் தருவார். நகப்பூச்சு இருந்தால் அன்று எடுத்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம் (அந்த ஆறு மணிக் காபியும் சேர்த்துத்தான்). தூக்க மாத்திரை எதுவும் போடாதீர்கள். அன்று ஒரு ராத்திரி மட்டும் மாமியாரை மகனோ வீட்டுக்காரரோ பார்த்துக்கொள்ளட்டும். பாத்ரூம் போக எழுந்தால் பரவாயில்லை, விரல் கிளிப் மட்டும் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரமாவது பதிவானால்தான் கணக்கு சரியாக வரும். புது இடைஞ்சல் என்பதால் தூக்கம் கொஞ்சம் கெடும், அது எல்லாருக்கும் நடப்பதுதான். மறுநாள் காலை 9 மணிக்கு வந்து எடுத்துப்போவார். கட்டணம் 5,000 ரூபாய், அப்போது கொடுத்தால் போதும்.

மணிக்குச் சராசரியாக எத்தனை தடவை மூச்சு தடைப்படுகிறது என்று அதில் தெரியும். 5க்குக் கீழே என்றால் ஸ்லீப் ஆப்னியா இருக்க வாய்ப்பு குறைவு, களைப்புக்கு வேறு இடத்தில் தேடுவோம். உங்கள் மனநிலை, கால்வலி, வீட்டு வேலைச் சுமை எல்லாவற்றையும் 18ஆம் தேதி நிதானமாகப் பேசவேண்டும். அதனால் உங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். 5ஐத் தாண்டினால் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சிகிச்சை. அது நன்றாகக் குணம் தரக்கூடிய விஷயம்தான். அந்த ரிப்போர்ட்டும் எனக்கு முன்னால் போர்ட்டலில் ஏறலாம். ஏறினால் 18ஆம் தேதிவரை திறக்காமல் இருக்க முடியுமா என்று மகனிடம் கேட்டுப்பாருங்கள்.

அதுவரை காலையும் மாலையும் வீட்டு மெஷினில் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தபிறகு பாருங்கள், மாடிப்படி ஏறின கையோடு வேண்டாம்.

ரத்தம் நார்மல் என்பதற்காகச் சிலவற்றைத் தள்ளிப்போடக்கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கம் கை கால் பலமிழப்பது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் போர்ட்டலில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மாதவிடாய் நின்றபிறகு துளி ரத்தப்போக்கு இருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், 18ஆம் தேதிவரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போன் செய்து முன்னாடியே வாருங்கள்.

அடுத்த ரத்தப் பரிசோதனை 2026 ஜூனில். அக்காவுக்குச் சர்க்கரை இருப்பதால் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நடுவில் வேண்டாம்.

வியாழன் வசதிப்படாவிட்டால் இந்தச் செய்திக்கே பதில் எழுதுங்கள், வேறு நாள் போட்டுவிடலாம். திங்கள் முதல் சனிவரை மாலையில் போர்ட்டல் செய்திகளைப் படிப்பேன், ஞாயிறு பார்ப்பதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாலும் சரி.

டாக்டர் மீனாட்சி
பொது மருத்துவம்
ஜூன் 6, 2025, பெங்களூரு